scrcpy வைத்து 30 வினாடி டெமோ வீடியோ: நெடுநாள் அனுபவம்

சின்ன ஆப்களுக்கு ரீல்ஸ், ஷார்ட்ஸ் டெமோ செய்து தருவது என் வேலை. ஆண்ட்ராய்டு திரையைக் கணினியில் காட்டும் scrcpy-யில் பதிவு செய்து, கேடென்லைவ் எடிட்டரில் வெட்டி ஒட்டுகிறேன். இரண்டும் இலவசம்.

தண்ணீர் கேன் போடுகிறவர்களுக்கான கணக்கு ஆப் ஒன்றைச் சொல்கிறேன். அதில் வசதிகள் நிறைய. ஆனால் கேன் போடுகிறவருக்குப் பெரிய தலைவலி மாதக் கடைசிக் கணக்குதான், அதனால் வீடியோவிலும் அது மட்டும்தான். முதல் 3 வினாடியில் வாடிக்கையாளரின் வாட்ஸ்அப்பில் பில் வந்து விழுகிறது: 22 கேன், 770 ரூபாய். அடுத்த 5 வினாடி, அடித்துத் திருத்திய பழைய நோட்டுப் பக்கம். அப்புறம் 16 வினாடி ஆப்: பெயரைத் தொட்டால் மாதக் கணக்கு, கீழே ‘பில் அனுப்பு’. மீதி 6 வினாடி ஆப்பின் பெயருக்கு. லோகோவை முதலில் காட்டச் சொல்லி எல்லோருமே கேட்பார்கள். நான் விடாப்பிடியாக மறுத்துவிடுவேன். பலன் தெரிவதற்குள் விரல் அடுத்த வீடியோவுக்குத் தள்ளிவிடும்.

பதிவு இப்படி:

```
scrcpy --show-touches --record=demo.mp4
```

இதில் தொடும் இடம் புள்ளியாகத் தெரியும். ஆனால் போனில் விரலால் தொட்டால் மட்டுமே. கணினியில் மவுஸால் கிளிக் செய்தால் புள்ளி வராது, பட்டன் தானாக அமுங்குவது போல இருக்கும். பதிவுக்கு முன் அறிவிப்புகளை நிறுத்திவிட்டு, உண்மையான வாடிக்கையாளர் பெயர்களை மாற்றிவிடுங்கள்.

அதிகம் படுத்துவது ஃபிரேம் ரேட். திரை மாறினால்தான் புது ஃபிரேம் பதிவாகும், அசையாத நேரத்தில் எதுவும் வராது. அந்தக் கோப்பை அப்படியே எடிட்டரில் போட்டால் பின்னணிக் குரல் ஓரிடத்தில், தொடுதல் வேறிடத்தில் என விலகிப்போகலாம். அதனால் முதலில் ffmpeg என்ற வீடியோ மாற்றும் கருவியால் ஒரே சீராக மாற்றிக்கொள்கிறேன்:

```
ffmpeg -i demo.mp4 -vf fps=30 -crf 18 demo30.mp4
```

அளவு 1080×1920. இப்போதைய போன் திரைகள் அதைவிட நீளம். முழுத் திரையையும் அடக்கினால் எழுத்து பொடியாகிவிடும். ஆகவே தொடுகிற பகுதியை மட்டும் பெரிதாக்குகிறேன். கீழ்ப்பகுதியையும் வலது ஓரத்தையும் ரீல்ஸின் தலைப்பும் பட்டன்களும் மறைக்கும் என்பதால் வாசகங்களை நடுவுக்குச் சற்று மேலே வைக்கிறேன். பலர் சத்தமில்லாமல் பார்ப்பார்கள். குரலை அணைத்துவிட்டுப் பார்த்தாலும் கதை புரிகிறதா என்று கடைசியில் ஒருமுறை சோதிப்பேன்.

ஒரு குறை உண்டு. யூபிஐ பின் போடும் திரை போன்ற பாதுகாக்கப்பட்ட பக்கங்கள் பதிவில் கறுப்பாகத்தான் வரும். அது போனின் பாதுகாப்பு ஏற்பாடு, scrcpy-யின் கோளாறு அல்ல. அந்த இடத்தை வெட்டிவிட்டு, ‘பணம் வந்தது’ என்ற திரைக்கு நேராகத் தாவிவிடுகிறேன்.