ரெயிலா, நேரடி ஸ்க்ரூவா? செங்கல் சுவரில் கிச்சன் கேபினட் மாட்டும் கணக்கு

கிச்சனில் மேல் கேபினட் மாட்ட இரண்டு வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன. பெட்டியை இருவர் தூக்கிப் பிடிக்க, பின்பலகை வழியாகவே சுவரில் ஸ்க்ரூ முடுக்குவது ஒன்று. ஹேங்கிங் ரெயில் மற்றொன்று. துளைகள் உள்ள இரும்புப் பட்டையை முதலில் சுவரில் மட்டம் பார்த்துப் பொருத்திவிட்டு, பெட்டியின் மேல் மூலைகளில் இருக்கும் கொக்கிகளை அதில் மாட்டுவார்கள்.

எது அதிக எடை தாங்கும் என்றுதான் முதலில் கேட்பார்கள். 600 மி.மீ. அகலம், 720 உயரம், 300 ஆழம் உள்ள பிளைவுட் பெட்டி சுமார் 20 கிலோ. மளிகை, பாத்திரமெல்லாம் சேர்த்து 50 கிலோ என்று வைத்துக்கொள்வோம். இந்த எடை கிட்டத்தட்ட முழுவதும் கீழ்நோக்கித்தான் இறங்குகிறது. பெட்டி முன்னால் கவிழப் பார்ப்பதால் மேல் ஸ்க்ரூக்களை வெளியே இழுக்கும் விசை மொத்தம் 12 கிலோ அளவுதான். கெட்டியான செங்கல்லில் சரியாக இறங்கிய இரண்டு ஸ்க்ரூவுக்கு இது பெரிய சுமையே இல்லை. (சிம்னிக்கு மேல் வைக்கும் குட்டைப் பெட்டியில் மட்டும் கவனம் வேண்டும். உயரம் பாதியானால், அதே எடைக்கு இழுவை இரண்டு மடங்காகும்.)

அப்படியானால் பெட்டி ஏன் கழன்று வருகிறது? நேரடி முறையில் பெரும்பாலும் காரணம் பின்பலகை. 6 மி.மீ. பலகையில் முடுக்கினால் ஸ்க்ரூ சுவரிலேயே நிற்கும், பலகை மட்டும் தலையைத் தாண்டிப் பிய்த்துக்கொண்டு வரும். உள்ளே மேல் விளிம்பை ஒட்டி 18 மி.மீ. பிளைவுட் பட்டை ஒன்றை இரு பக்கப் பலகைகளோடும் சேர்த்துப் பிணைத்து, அதன் வழியாக முடுக்கினால் இந்தக் குறை தீர்ந்தது. ஒற்றைப் பெட்டிக்கு இதுவே போதும், ரெயில் தண்டச் செலவு.

மூன்று பெட்டி வரிசையாக வந்தால் கதை மாறுகிறது. பூச்சு எங்கேயும் ஒரே சமமாக இருக்காது. நேரடியாக முடுக்கினால் பெட்டி சுவரின் மேடு பள்ளத்துக்கு ஏற்ப முறுக்கிக்கொள்ளும், கதவுகள் ஒன்றுக்கொன்று ஏறி இறங்கி நிற்கும். ரெயில் கொக்கியில் உயரத்துக்கு ஒரு திருகு, ஆழத்துக்கு ஒரு திருகு இருக்கிறது. மாட்டிய பிறகு நிதானமாக மட்டம் வைத்துத் திருத்தலாம்.

ஆனால் ரெயிலுக்கென்று ஒரு பலவீனம் உண்டு. அதன் ஸ்க்ரூ எல்லாம் ஒரே கிடைமட்டக் கோட்டில் வரும். அந்தக் கோடு இரண்டு செங்கல் வரிசைக்கு நடுவே உள்ள சாந்தில் விழுந்துவிட்டால் ஒன்றுகூட உருப்படியாகப் பிடிக்காது. நேரடி முறையில் அந்தந்த ஸ்க்ரூவை நகர்த்திக்கொள்ளலாம், இங்கே முடியாது. அதனால் கோடு போட்டதும் ஒரு சோதனைத் துளை போடுங்கள். பூச்சின் சாம்பல் தூள் முடிந்ததும் செம்மண் நிறத் தூள் தொடர்ந்து வந்தால் செங்கல். சாம்பல் தூளே தொடர்ந்து, பிட்டும் வழுக்கிக்கொண்டு உள்ளே போனால் சாந்து. அப்படியானால் ரெயிலையே 40 மி.மீ. ஏற்றியோ இறக்கியோ வையுங்கள். கொக்கியின் திருகால் இவ்வளவு தூரத்தைப் பிறகு ஈடுகட்ட முடியாது.

இனி இடைவெளி. 1800 மி.மீ. வரிசைக்குச் சரிசமமாகப் பிரித்து அடித்துவிடுவது வழக்கம். ஆனால் சுமை சமமாக வருவதில்லை, கொக்கி இருக்கும் இடத்தில்தான் வருகிறது. இரண்டு பெட்டிகள் சேரும் இடத்தில் இரு கொக்கிகள் ஒட்டி நிற்பதால் அங்கே ஓரத்தைப்போல் இரு மடங்கு சுமை. ஆகவே இடது ஓரத்திலிருந்து 40, 300, 550, 650, 900, 1150, 1250, 1500, 1760 என ஒன்பது ஸ்க்ரூ போடுவேன். சேருமிடங்களில் இரட்டை, நடுவில் ஒன்று. ஏதாவது ஒன்று செங்குத்துச் சாந்தில் விழுந்தால் பக்கத்துத் துளைக்கு மாற்றிக்கொள்ளலாம்.

ஸ்க்ரூவைப் பிடிக்கத் துளையில் செருகும் பிளாஸ்டிக் பிளக் முழுக்கச் செங்கல்லுக்குள் இருக்க வேண்டும், பூச்சில் இருக்கும் பகுதி கணக்கில் சேராது. பூச்சு 15 மி.மீ., பிளக் 40 என்றால் துளை 65 ஆழம், ரெயிலுக்கான ஸ்க்ரூ 5 மி.மீ. தடிமனில் 60 நீளமாவது வேண்டும். துளைத் தூளை ஊதி எடுத்துவிடுங்கள். நாலரை அங்குலச் சுவரில் இதைவிட ஆழமாக ஹேமர் டிரில்லை அழுத்தினால் மறுபக்கப் பூச்சு பெயர்ந்துவிடலாம். ஜிப்சம் போர்டுக்கான கறுப்பு ஸ்க்ரூ வேண்டாம். மொறுமொறுப்பானது, கீழ்நோக்கிய சுமையில் வளையாமல் சட்டென்று முறியும். முடுக்கும்போது இறுகாமல் சுற்றிக்கொண்டே இருந்தால் அந்தத் துளை கைவிட்டுவிட்டது என்று அர்த்தம். 10 மி.மீ. பிளக்குக்கும் அதற்கேற்ற தடிமனான ஸ்க்ரூவுக்கும் மாறுங்கள், தீக்குச்சி செருகி ஒப்பேற்ற வேண்டாம்.

ரெயில் என்று முடிவெடுத்தால் பெட்டி செய்வதற்கு முன்பே கார்ப்பெண்டரிடம் சொல்லிவிட வேண்டும். பட்டை மறைவதற்கு, பின்பலகையை 20 மி.மீ. உள்ளே தள்ளி வைத்து, பக்கப் பலகைகளின் மேல் மூலையில் வெட்டு விட வேண்டும். ஏற்கெனவே செய்து முடித்த பெட்டி என்றால் 18 மி.மீ. பட்டை வைத்து நேராக முடுக்குவதே சுலபம்.