ஏர் லீக் புடிக்க காதா, சோப்புத் தண்ணியா, மீட்டர் முள்ளா?

லாரி பிரேக்குக்கு ஏர் ஏற லேட்டாகுது, வண்டிய நிறுத்துனா புஸ்ஸுனு சத்தம் வருதுன்னு சங்ககிரி, நாமக்கல் பக்கம் எந்தப் பட்டறையில போய் சொன்னாலும் மொதல்ல பழி விழறது கம்ப்ரஸர் மேலதாங்க. அதக் கழட்டறதுக்கு முன்னாடி லீக் இருக்கான்னு பாருங்க.

நான் மொதல்ல நம்பறது மீட்டர் முள்ளத்தான். ஏர 8 பார் பக்கம் ஏத்தி, காத்த உலர்த்தற டிரையர் ஒருக்கா டப்புனு விட்டதும் இஞ்சின ஆஃப் பண்ணி, வீலுக்கு கட்டை போட்டுட்டு ஹேண்ட் பிரேக்க எடுத்து விடுங்க. முள்ளு எறங்குது, திரும்ப ஹேண்ட் பிரேக் போட்டா நின்னுக்குதுன்னா, பின்னாடி ஸ்பிரிங் பிரேக் சேம்பர் இல்லீன்னா அதுக்குப் போற ஓஸ். பெடல மிதிச்சு புடிச்சா மட்டும் எறங்குச்சுன்னா கால் பிரேக் லைன்ல, டயாஃப்ரம் கிழிஞ்சிருக்கும், இல்ல ஃபுட் வால்வு. எப்படி வெச்சாலும் எறங்குதுன்னா டேங்க் பக்கம். கையில கரி படாம எந்தப் பக்கம்னு தெரிஞ்சுபோகும்.

காது பெரிய லீக்குக்கு சரிதான், ஆனா சேஸிஸ்ல சத்தம் எதிரொலிச்சு ஏமாத்தும். இன்னொண்ணு, ரிலே வால்வு வாய்ல சத்தம் வந்தா ரிலேதான் போச்சுன்னு மாத்திருவாங்க, சேம்பருக்குள்ள நடு சீல் தேஞ்சாலும் காத்து அந்த வாய்லதான் வரும், ஹேண்ட் பிரேக் போட்டதும் நின்னா ரிலேயத் தொடாதீங்க. அதுக்காக சேம்பர் கிளாம்ப நீங்களே கழட்டிறாதீங்க, உள்ள இருக்கற ஸ்பிரிங் ஆளையே அடிச்சிரும்.

சோப்புத் தண்ணி மெதுவான வேலைதான், ஆனா எந்த ஜாயிண்டுன்னு வெரல் வெச்சு காட்டறது அதுதான். வண்டி முழுக்க அடிக்காம, முள்ளு சொன்ன பக்கத்துல மட்டும் தடவுங்க.

முள்ளு கோட்டை விடற எடம் ஒண்ணு இருக்குங்க. கம்ப்ரஸர்ல இருந்து டிரையர் வரைக்கும் உள்ள லீக் அதுல தெரியாது, டிரையர் செக் வால்வு டேங்க் காத்த அடைச்சு வெச்சிருக்கும். பக்கத்து செட் பன்னண்டு வீல் வண்டி அப்படித்தான், ஆஃப் பண்ணுனா முள்ளு ஆடாது, ஆனா ஏற ரொம்ப நேரமாகும், அதனால கம்ப்ரஸர்தான்னு முடிவே பண்ணிட்டாங்க. ஏர் ஏறிட்டு இருக்கறப்ப டிரையர் அடி ஓட்டைல கைய வெச்சா காத்து நிக்காம வந்துட்டே இருந்துச்சு. கழட்டிப் பாத்தா, அந்த ஓட்டையத் தொறந்து மூடற பர்ஜ் வால்வு உக்கார்ற எடத்துல துருவும் அழுக்கும். டப்புனு விட்டதும் டிரையர் சித்த நேரம் சீறறது அது உலர்ற சத்தம், அரை நிமிஷம் போல வந்து நின்னுரும். நிக்காம வந்துட்டே இருந்தா செக் வால்வும் புடிக்கல, டேங்க் காத்தே திரும்பி வருது, அப்ப முள்ளும் எறங்கும்.

டிரையர் கிட் மாத்தறப்ப டேங்க் டிரெய்ன தொறந்து விட்டுப் பாருங்க. வெறும் தண்ணின்னா டிரையர் கார்ட்ரிட்ஜ மாத்துனா போதும். எண்ணெ கலந்து கருப்பா வந்தா கம்ப்ரஸர் ஆயில் தள்ளுது, புது கார்ட்ரிட்ஜும் சீக்கிரமே அடைச்சுக்கும், அப்ப கம்ப்ரஸரக் கழட்டுங்க.