ஏழு கோடிக்கு இரண்டு தொழில்கள்: புத்தக மதிப்புக்குக் கீழே விற்பது மலிவுதானா?

பழைய வட ஆர்க்காட்டில் தோலைத் தொட்ட பணத்தோடு ஏதாவது ஒரு விதத்தில் உறவில்லாத குடும்பங்கள் குறைவு. வேலூரில் கணக்கு எழுதிப் பிழைக்கும் எனக்கும் அந்த உறவு என் பெரியப்பா மகன் வழியாக வந்தது. பச்சைத் தோல் கமிஷன் வியாபாரத்தில் சேர்த்த பணத்தை ஒரு தொழிலில் கூட்டாளியாகச் சேர்ந்து போட அவர் விரும்பினார். ராணிப்பேட்டைப் பக்கம் தோல் பதனிடும் டேனரி ஒன்றும், ஆம்பூரில் ஷூவின் மேற்பகுதியான அப்பர் தைத்துக் கொடுக்கும் பட்டறை ஒன்றும் அவர் முன் இருந்தன. முழுத் தொழிலுக்குமான விலையாக இருவரும் ஏழு கோடி ரூபாயைச் சொல்லி, அதில் கால் பங்கைக் கொடுக்கத் தயாராக இருந்தார்கள். இரண்டிலும் சொல்லும்படியான கடன் இல்லை. பெயர்களை விட்டுவிட்டு, எண்களை மட்டும் எளிதாக்கி இங்கே தருகிறேன்.

டேனரியின் புத்தக மதிப்பு, அதாவது சொத்துகளிலிருந்து கடன்களைக் கழித்தபின் உரிமையாளருக்கு மிஞ்சுவது, பத்துக் கோடி. ஆண்டு லாபம் ஒரு கோடி. பட்டறையின் புத்தக மதிப்பு நான்கு கோடி, லாபம் 88 லட்சம். ஆகவே டேனரி புத்தக மதிப்பில் 0.7 மடங்குக்கும், பட்டறை 1.75 மடங்குக்கும் விலைக்கு வந்திருந்தன. லாபத்தோடு ஒப்பிட்டாலும் டேனரியின் விலை ஏழு மடங்கு, பட்டறையின் விலை ஏறத்தாழ எட்டு மடங்கு. “பத்துக் கோடிச் சொத்து ஏழு கோடிக்குக் கிடைக்குதுடா, இதுல யோசிக்க என்ன இருக்கு?” என்று அண்ணன் கேட்டார். “சொத்தை வாங்கலைண்ணா, அந்தச் சொத்து சம்பாதிக்கிறதைத்தான் வாங்கறோம்” என்று சொல்லிவிட்டு அவரோடு உட்கார்ந்து கணக்குப் போட ஆரம்பித்தேன்.

விலைக்கும் புத்தக மதிப்புக்கும் உள்ள விகிதத்தைத் தனியாகப் பார்த்தால் அது எதையும் சொல்லாது. அதை மூன்று எண்கள் தீர்மானிக்கின்றன. முதலாவது, உரிமையாளரின் பணத்தின் மீது தொழில் ஆண்டுதோறும் ஈட்டும் விகிதம். பங்குச் சந்தையில் இதை ஆர்.ஓ.இ. என்பார்கள். இரண்டாவது, தொழில் வளரும் வேகம். மூன்றாவது, இத்தகைய தொழிலில் பணம் போடுபவர், அந்த ஆபத்துக்கு ஈடாக எதிர்பார்க்க வேண்டிய குறைந்தபட்ச வருவாய். வளர்ச்சி சீராக நீடிக்கும் என்று வைத்துக்கொண்டால், நியாயமான விகிதம் இப்படி அமைகிறது:

```
P/B = (ROE − g) / (r − g)
```

இதில் P/B என்பது விலைக்கும் புத்தக மதிப்புக்கும் உள்ள விகிதம், ROE என்பது ஈட்டு விகிதம், g என்பது வளர்ச்சி, r என்பது எதிர்பார்க்கும் வருவாய். இது பங்காதாய வரவுகளை இன்றைய மதிப்புக்குக் குறைக்கும் பழைய கணக்கேதான். புத்தக மதிப்பு g வேகத்தில் வளர வேண்டுமானால் லாபத்தில் அந்த அளவைத் தொழிலுக்குள் நிறுத்திக்கொள்ள வேண்டும். மேலே உள்ள ROE − g என்பது அப்படி நிறுத்தியதுபோக உரிமையாளர் கைக்கு வரும் பகுதி. அண்ணனுக்கு நான் எடுத்துக்கொண்ட எதிர்பார்ப்பு 14 சதவீதம். ஏற்றுமதிச் சந்தையை நம்பிய, பங்கை நினைத்தபோது விற்க முடியாத சிறு தொழிலுக்கு இதற்குக் கீழே வைக்க எனக்கு மனம் வரவில்லை.

இரு உரிமையாளர்களும் ஆண்டுக்கு ஆறு சதவீத வளர்ச்சியைத் திட்டமிட்டிருந்தார்கள். டேனரியின் ஈட்டு விகிதம் பத்து. பத்தில் ஆறைக் கழித்தால் நான்கு, பதினான்கில் ஆறைக் கழித்தால் எட்டு, விகிதம் 0.5. அதாவது அதன் மதிப்பு ஐந்து கோடி. பட்டறையின் ஈட்டு விகிதம் 22. அதே வளர்ச்சியில் விகிதம் 2, மதிப்பு எட்டுக் கோடி. இந்தக் கணக்கின்படி, புத்தக மதிப்பைவிடக் குறைந்த விலை சொன்னது அதிக விலையாகவும், முக்கால் மடங்கு கூடுதலாகக் கேட்டது குறைந்த விலையாகவும் ஆகிவிட்டன.

இதைவிட அண்ணனை உலுக்கியது அடுத்து வந்தது. டேனரி வளரவே வேண்டாம், முழு லாபத்தையும் ஆண்டுதோறும் பங்காளிகளுக்குப் பிரித்துக் கொடுத்துவிடட்டும் என்று வைத்துக்கொண்டால், அதன் மதிப்பு ஒரு கோடியை 0.14 ஆல் வகுத்தால் வரும் 7.14 கோடி. வளர்ந்தால் ஐந்து, வளராமல் இருந்தால் ஏழுக்கு மேல்! காரணம் எளியது. டேனரிக்குள் நிறுத்தப்படும் ஒவ்வொரு ரூபாயும் ஆண்டுக்குப் பத்துக் காசு ஈட்டுகிறது. பதினான்கு காசு எதிர்பார்ப்பவருக்கு அந்த ரூபாயின் மதிப்பு 71 காசுதான். ஆறு சதவீதம் வளர, முதல் ஆண்டில் 60 லட்சத்தை உள்ளே நிறுத்த வேண்டும். அதில் 17 லட்சம் நிறுத்திய கணத்திலேயே கரைந்துபோகிறது. இந்த இழப்பும் ஆண்டுக்கு ஆறு சதவீதம் வளர்ந்துகொண்டே போவதால், அதன் இன்றைய மதிப்பு 2.14 கோடி. ஏழேகாலுக்குச் சற்றுக் குறைவானது ஐந்தாக இறங்கியது இதனால்தான். இத்தனைக்கும் அந்த ஆண்டுகள் முழுவதும் லாபநட்டக் கணக்கு லாபம் உயர்வதாகவே காட்டும்; விற்பனையும் கூடும்; தோல் பதனிடும் புதிய டிரம்கள் சுழலும். நட்டம் எந்தப் பேரேட்டிலும் நட்டமாக எழுதப்படாது என்பதே இதில் எனக்கு மிகுந்த கவலை தருகிறது.

பட்டறையில் இதற்கு நேர்மாறு. வளராவிட்டால் அதன் மதிப்பு 6.29 கோடி, வளர்ந்தால் எட்டு. உள்ளே போகும் ரூபாய் 1.57 ரூபாயாகிறது. ஈட்டு விகிதம் சரியாகப் பதினான்காக உள்ள ஒரு தொழிலில் வளர்ச்சி எவ்வளவாக இருந்தாலும் விகிதம் ஒன்றாகவே நிற்கும் என்பதை மேலே உள்ள சூத்திரத்தில் எண்களைப் போட்டுப் பார்த்தால் தெரியும். ஒன்று என்ற அந்தக் கோட்டுக்கு மேலே நிற்கும் தொழில் போட்ட பணத்தைவிட அதிக மதிப்பை உருவாக்குகிறது. கீழே நிற்பது போட்ட பணத்தைத் தின்கிறது.

டேனரியின் ஈட்டு விகிதம் ஏன் பத்தில் நிற்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். உரிமையாளர் சோம்பேறி அல்லர். டேனரி பச்சைத் தோலைச் சொந்தப் பணத்தில் வாங்கி, வாரக்கணக்கில் பதனிட்டு, கடனுக்கு விற்று, பணத்துக்குக் காத்திருக்கிறது. விற்பனை கூடினால் கிடங்கிலும் வரவேண்டிய பாக்கியிலும் மாட்டிக்கொள்ளும் பணமும் கூடுகிறது. பட்டறைக்கோ தோலை வாங்குபவரே அனுப்பிவிடுகிறார். தையல் கூலிதான் அதன் வருமானம். இருப்பில் முடங்கும் பணம் மிகக் குறைவு. இரண்டாவது காரணம் இந்த மண்ணுக்கே உரியது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்புக்குப் பிறகு, கழிவுநீரைச் சுத்திகரிக்காமல் டேனரி நடத்த முடியாது என்று ஆனது. பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்கான பங்குத் தொகையும், சொந்த முதல்நிலைச் சுத்திகரிப்புத் தொட்டிகளும் புத்தகத்தில் சொத்தாக ஏறுகின்றன. ஆனால் அவற்றால் ஒரு சதுர அடித் தோல்கூட அதிகமாக விற்பதில்லை. பாலாற்றுக் கிணறுகளைப் பார்த்தவன் என்ற முறையில் அந்தச் செலவு முழுவதும் தேவையானது என்றே சொல்வேன். ஆனால் விலை பேசும்போது, அதைப் பத்துக் கோடிச் சொத்தின் ஒரு பகுதியாக ரூபாய்க்கு ரூபாய் எண்ணக் கூடாது. தொழிலை மூடினால் அந்தத் தொட்டியை வாங்க யாரும் வரமாட்டார்கள்.

இதே காரணத்தால் புத்தக மதிப்பு என்ற எண்ணையே பிரித்துப் பார்க்க வேண்டியிருந்தது. டேனரியின் நிலம் தாத்தா காலத்தில் வாங்கிய விலையில் நிற்கிறதா, மறுமதிப்பீடு செய்யப்பட்டதா என்று கேட்டேன். மறுமதிப்பீட்டில் கூடும் தொகை லாபத்தில் சேராமல் நேராகக் கையிருப்பு நிதியில் ஏறிவிடும். ஒரே இரவில் புத்தக மதிப்பு உயர்ந்து, ஈட்டு விகிதம் தாழ்ந்து, பங்கு மலிவாகத் தோன்றும், தொழிலில் எதுவும் மாறியிருக்காது. இங்கே அப்படி நடக்கவில்லை. நிலத்தைத் தனியாக விற்க முடிந்தால் அதைத் தனிச் சொத்தாகக் கருதி வேறு கணக்குப் போட்டிருக்கலாம். தொழில் ஓடும்வரை நிலம் அதற்குள் கட்டுண்டிருப்பதால் போடவில்லை. கடன் இருந்திருந்தால் இன்னொரு சோதனையும் வேண்டியிருக்கும். கடன் ஈட்டு விகிதத்தை உயர்த்திக் காட்டும். ஆனால் ஆபத்தும் கூடுவதால் எதிர்பார்ப்பையும் உயர்த்தியாக வேண்டும். எதிர்பார்ப்பை 18 ஆக்கினால் அதே பட்டறையின் விகிதம் இரண்டிலிருந்து 1.33-க்கு இறங்கிவிடும்.

பட்டறைப் பக்கமும் ஒரு பொறி இருந்தது. நான் அதிக நேரம் செலவிட்டது அதில்தான். 22 சதவீதம் என்பது பழைய பணத்தின் சராசரி. அங்குள்ள தையல் இயந்திரங்களில் பாதிக்கு மேல் தேய்மானம் கழிந்து, புத்தகத்தில் மிகச் சிறிய தொகைக்கு நிற்கின்றன. வகுக்கும் எண் சிறியதானால் ஈவு பெரிதாகத்தானே தெரியும்? இன்றைய விலையில் வாங்கும் புதிய இயந்திரம் அதே 22-ஐ ஈட்டும் என்பதற்கு உறுதி இல்லை. வளர்ச்சிக்கு மதிப்புத் தருவது இனிமேல் போடும் பணத்தின் ஈட்டு விகிதம்தான். ஆகவே கடைசியாகச் சேர்த்த தையல் வரிசைக்கு ஆன மொத்தச் செலவையும், அதன்பின் கூடிய லாபத்தையும் மட்டும் கேட்டேன். இயந்திரங்கள், மின் இணைப்பு, கூடுதல் நடைமுறை மூலதனம் எல்லாம் சேர்த்து 60 லட்சம். கூடிய லாபம் 11 லட்சம். விகிதம் 18.3.

இதை வைத்துத் திரும்பக் கணக்கிட்டால் எட்டுக் கோடி நிற்காது. இருக்கும் தொழிலின் மதிப்பு 6.29 கோடி, அதில் மாற்றமில்லை. புதிதாகப் போடும் ஒவ்வொரு ரூபாயும் 1.57-க்குப் பதிலாக 1.31 ரூபாயாகும், முதல் ஆண்டில் உள்ளே போவது நான்கு கோடியில் ஆறு சதவீதமான 24 லட்சம், அதில் கிடைக்கும் கூடுதல் மதிப்பு 7.4 லட்சம்; அது ஆறு சதவீதம் வளர்ந்து போவதன் இன்றைய மதிப்பு 93 லட்சம். மொத்தம் 7.2 கோடி. ஆக, லாபத்தை முழுவதும் பிரித்துக் கொடுக்கும் டேனரி 7.14, திட்டமிட்டபடி வளரும் பட்டறை 7.2, கேட்ட விலை இரண்டுக்கும் ஏழு. எண்கள் இவ்வளவு அருகே வந்து நிற்கும்போது, முடிவை எண்ணிடம் விடாமல் உரிமையாளரிடம் விடுவதே சரி என்பது என் எண்ணம்.

டேனரிக்காரரிடம், புதிய டிரம் வாங்குவதில்லை என்றும் லாபத்தில் பத்தில் ஒன்பது பங்கையாவது ஆண்டுதோறும் பிரிப்பதென்றும் கூட்டு ஒப்பந்தத்தில் எழுத முடியுமா என்று அண்ணன் கேட்டார். டேனரிக்காரரோ, தன் மகன் வெளிநாட்டில் படித்துவிட்டு வந்திருக்கிறார், விரிவாக்கத்துக்கு வரைபடம்கூடத் தயார் என்றார். அந்த வரைபடத்தோடு சேர்த்தால் அந்த டேனரி ஐந்து கோடிதான். ஆம்பூர் பட்டறையில் விலையைக் குறைக்கச் சொல்லி நாங்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம். அடுத்த வரிசையின் ஈட்டு விகிதம் 18.3-லிருந்து 17-க்கு இறங்கினாலே அதன் மதிப்பு 6.93 கோடியாகி, ஏழுக்குக் கீழே போய்விடுகிறது.