ட்ரெய்லரின் மஞ்சள் விளக்கு: லோடோடு போகலாமா, எம்டியில் நிற்க வேண்டுமா?

காரைக்கால் துறைமுகத்தில் உர மூட்டை ஏற்றிக்கொண்டு நீடாமங்கலம் பக்கத்து கிடங்குக்குப் போகும் ஒரு ட்ரெய்லரை எடுத்துக்கொள்வோம். நாகூர் வழியாக நாகப்பட்டினம் வந்து, அங்கிருந்து சிக்கல், கீழ்வேளூர், திருவாரூர் வழியாக தேசிய நெடுஞ்சாலை 83-ல் போகிற பழகிய பாதைதான். ஐப்பசி மாதம், காலையில் வெயில். சிக்கல் தாண்டியதும் டேஷ்போர்டில் ட்ரெய்லர் படம் போட்ட மஞ்சள் ஏபிஎஸ் விளக்கு எரிகிறது. எப்படியோ சமாளித்து லோடை இறக்கியாயிற்று. மாலையில் எம்டியாகத் திரும்பும்போது மழை பிடித்துக்கொள்கிறது, அதே விளக்கு மறுபடியும் எரிகிறது.

போகும்போது பயந்த டிரைவர் பலர், திரும்பும்போது "எம்டிதானே" என்று மிதித்துவிடுகிறார்கள். நான் இதைத் தலைகீழாகத்தான் பார்க்கிறேன். காலையில் மெதுவாகப் போவதற்கு நியாயம் இருக்கிறது. மாலையில் அந்த ஈரச் சாலையில் போவதற்கு நியாயம் மிகக் குறைவு. ஏன் என்பதை இரண்டு பயணத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் புரியும்.

விளக்குக்கு முன்னால் ஏர் மீட்டர்

எந்த விளக்கு எரிந்தாலும் கண் முதலில் போக வேண்டிய இடம் ஏர் மீட்டர். மஞ்சள் விளக்கு, மின்சாரப் பகுதியில் ஏதோ கோளாறு என்று சொல்கிறது. பிரேக் பிடிக்கிற வேலையைச் செய்வது காற்று. சிவப்பு ஹோஸ் ட்ரெய்லர் டேங்கை நிரப்புகிறது. மிதியை எவ்வளவு அழுத்தினோம் என்ற செய்தியை மஞ்சள் ஹோஸ் காற்றாகவே பின்னால் கொண்டுபோகிறது. சென்சார் கெட்டாலும், கேபிள் அறுந்தாலும், இந்த இரண்டு ஹோஸும் சரியாக இருந்தால் ட்ரெய்லர் பிரேக் பிடிக்கும்.

சிவப்பு விளக்கு வேறு கதை. காற்றழுத்தம் இறங்கிவிட்டது, அல்லது பிரேக் தனக்குரிய பலத்தில் பிடிக்காது என்று அர்த்தம். முழு அழுத்தம் ஏறக்குறைய 8 பார் இருக்கிற வண்டியில், 5 பாருக்குப் பக்கத்தில் வந்தால் பஸ்ஸர் கத்தும். அதற்கும் கீழே போனால் ஸ்பிரிங் பிரேக் தானாகக் கவ்வத் தொடங்கும். "இன்னும் ரெண்டு கிலோமீட்டர்" என்று இழுத்துக்கொண்டு போனால் லைனர் உரசி, டிரம் சூடேறி, டயர் பற்றிக்கொள்ளலாம். சிவப்புக்கு ஒப்பீடே தேவையில்லை, நிறுத்துவதுதான்.

ஆனால் எங்கே நிறுத்துவது என்பதில் டெல்டாவுக்கென்று ஒரு கணக்கு உண்டு. வாய்க்கால் கரைமேல் போகிற சாலையில் தார் முடிந்ததும் மண் ஓரம், அதற்கு அப்புறம் தண்ணீர். மழைக்காலத்தில் அந்த மண் ஊறிப் போயிருக்கும். லோடு வண்டியின் இடது சக்கரத்தை அதில் இறக்கினால் வண்டி சாய்ந்து வாய்க்காலுக்குள் போகும். அதனால் சிவப்பு எரிந்தால் தாரிலேயே, வளைவும் பாலமும் இல்லாத இடமாகப் பார்த்து நிறுத்துங்கள். நாலு இண்டிகேட்டரும் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, முக்கோணப் பலகையை நன்றாகப் பின்னால் தள்ளி வையுங்கள். பின்னால் வருகிற பஸ் ஹாரன் அடிப்பதைப் பார்த்துக் கூச்சப்பட்டு மண்ணில் இறக்க வேண்டாம்.

காலை: லோடு, காய்ந்த சாலை, மஞ்சள் விளக்கு

இப்போது மூன்று வழி. அங்கேயே நிற்கலாம், அடுத்த பெட்ரோல் பங்க் வரை மெதுவாகப் போகலாம், கண்டுகொள்ளாமல் நீடாமங்கலம் வரை ஓட்டலாம்.

அங்கேயே நிற்பது பார்க்க ஜாக்கிரதையான முடிவு போலத் தெரியும். ஆனால் காற்று 8 பாரில் அசையாமல் இருக்கும்போது, குறுகிய நெடுஞ்சாலையில் 40 அடி ட்ரெய்லரைக் குறுக்கே வைத்திருப்பதுதான் பெரிய ஆபத்து. பின்னால் வருகிறவன் நம் விளக்கைப் பார்க்கவில்லை, நம் வண்டியைத்தான் பார்க்கிறான், அதுவும் தாமதமாக. எனவே இரண்டாவது வழிதான் என் தேர்வு. வேகத்தை 30, 40-க்குக் குறைத்து, முன்வண்டிக்கு நல்ல இடைவெளி விட்டு, கெட்டித் தரை இருக்கிற பங்க் வரை போகலாம். போகிற வழியில் சாலை காலியாக இருக்கும் இடத்தில் 15 கிலோமீட்டர் வேகத்தில் மிதியை ஒரு முறை மென்மையாக அழுத்திப் பாருங்கள். பின்னாலிருந்து ட்ரெய்லர் பிடித்து இழுப்பது முதுகுக்குத் தெரிய வேண்டும். ட்ரெய்லர் முன்னால் தள்ளுவது போல் இருந்தால் மஞ்சள் ஹோஸ் பக்கம் கோளாறு. அப்போது விளக்கின் நிறம் மஞ்சளாக இருந்தாலும் அதைச் சிவப்பாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

பங்கில் செய்ய வேண்டிய சோதனைக்கு அதிக நேரம் ஆகாது. சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, காற்று நிரம்பியதும் இன்ஜினை அணைத்து, ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, மிதியை ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். அழுத்திய உடனே முள் கொஞ்சம் இறங்கும், அது கணக்கில்லை. அதற்குப் பிறகு அந்த நிமிடத்தில் எவ்வளவு இறங்குகிறது என்பதுதான் கணக்கு. அமெரிக்காவில் ட்ரெய்லர் ஓட்டுநர் தேர்வில் இதற்கு 4 பிஎஸ்ஐ வரைதான் அனுமதி, நம் மீட்டரில் கிட்டத்தட்ட 0.3 பார். அதைவிட வேகமாக இறங்கினால் எங்கேயோ கசிகிறது. அதே நேரத்தில் கிளீனர் ட்ரெய்லர் பக்கம் நின்று, மிதிக்கும்போது ஒவ்வொரு பிரேக் சேம்பரின் கம்பியும் வெளியே வருகிறதா, விட்டதும் உள்ளே போகிறதா என்று இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும்.

"அண்ணே, இடது பக்கம் கடைசி ஆக்ஸில் கம்பி அசையவே இல்ல" என்று கிளீனர் சொன்னால் பயணம் அங்கேயே முடிந்தது.

எல்லாம் அசைகிறது, காற்றும் நிற்கிறது என்றால் கேபிளைப் பாருங்கள். இந்தக் கடற்கரைப் பாதையில் என் முதல் சந்தேகம் எப்போதும் கேபிளின் மேல்தான். ஏபிஎஸ் கேபிளின் பிளக்கில் 5 அல்லது 7 பின் இருக்கும். மழைத் தண்ணீரும் உப்புக் காற்றும் சேர்ந்து அதில் பச்சை பூத்துவிடும். சாவியை அணைத்துவிட்டு, பிளக்கைக் கழற்றி, காய்ந்த துணியால் துடைத்து, பூட்டு விழும்வரை மறுபடி மாட்டுங்கள். சாவியைப் போட்டதும் ட்ரெய்லர் வால்வுகள் டிக் டிக் என்று ஒவ்வொன்றாகச் சத்தம் போட்டால் கரண்ட் போய்ச் சேர்ந்துவிட்டது. விளக்கு உடனே அணையாவிட்டாலும் பதற வேண்டாம். முன்பு சென்சார் கோளாறு பதிவாகியிருந்தால், வண்டி 10 கிலோமீட்டர் வேகத்துக்குப் பக்கம் போய், எல்லாச் சக்கரத்திலிருந்தும் செய்தி வந்த பிறகுதான் பல அமைப்புகள் விளக்கை அணைக்கும்.

சாவி போட்டதும் எரியவே எரியாத விளக்கை நான் எரிகிற விளக்கைவிட மோசமாக நினைக்கிறேன். ஆரம்பத்தில் இரண்டு மூன்று விநாடி எரிந்து அணைவதுதான் அதன் சோதனை. அது எரியவில்லை என்றால் பல்பு போயிருக்கலாம், கேபிள் மாட்டாமல் இருக்கலாம், யாரோ வேண்டுமென்றே கழற்றியும் விட்டிருக்கலாம்.

விளக்கு அணையாமல் போனாலும், மற்றச் சோதனை எல்லாம் தேறியிருந்தால், வெயிலில் லோடோடு நீடாமங்கலம் வரை மெதுவாகப் போய்ச் சேரலாம் என்பது என் கருத்து. டயர்மேல் எடை அழுத்துகிறது, தார் காய்ந்திருக்கிறது. ஓங்கி மிதித்தால் ஒழிய சக்கரம் லாக் ஆகாது. இழந்தது லாக் ஆகாமல் காப்பாற்றுகிற துணையை மட்டும்தான்.

மாலை: எம்டி, மழை, அதே விளக்கு

மூட்டையை இறக்கிய பிறகு ட்ரெய்லர் ஆக்ஸில்மேல் எடை பல மடங்கு குறைந்துவிட்டது. ஆனால் பிரேக் சேம்பர் அதே சேம்பர்தான், லோடுக்கு ஏற்ற பலத்தில் செய்தது. எலக்ட்ரானிக் பிரேக் ட்ரெய்லரில் எடையைப் பார்த்துக் காற்றைக் குறைத்து அனுப்புகிற வேலையையும் ஏபிஎஸ்ஸை இயக்குகிற அதே எலக்ட்ரானிக் பெட்டிதான் செய்கிறது. கேபிளில் கரண்ட் செத்துவிட்டால் ஏபிஎஸ் போவதோடு அந்தக் குறைப்பும் போய்விடும், எம்டி சக்கரத்துக்கு முழுக் காற்று பாயும். எடை பார்க்கிற வால்வே இல்லாத சாதாரண ஏபிஎஸ் ட்ரெய்லரில் எப்போதுமே இதே நிலைதான். எம்டியில் சக்கரம் லாக் ஆகாமல் காப்பாற்றிக்கொண்டிருந்தது ஏபிஎஸ் ஒன்றுதான், இப்போது அதுவும் இல்லை.

சாலையையும் பாருங்கள். அறுவடை எந்திரமும் டிராக்டரும் வயலிலிருந்து ஏறுகிற இடங்களில் தார்மேல் களிமண் ஒட்டியிருக்கும், சில இடங்களில் வைக்கோலும் கிடக்கும். மழை பெய்தால் அது வழுக்குப் பூச்சாக மாறிவிடும். அங்கே எம்டி ட்ரெய்லரின் சக்கரம் லாக் ஆனால் அது உருளாமல் சறுக்கும். சறுக்குகிற சக்கரம் திசையைப் பிடித்துக்கொள்ளாது. ட்ரெய்லரின் வால் எதிர்த் தடத்துக்கு வீசிப்போகும். கேபினில் இருப்பவருக்கு அது கண்ணாடியில்தான் முதலில் தெரியும். தெரிந்த உடனே செய்ய வேண்டியது, மனசு சொல்வதற்கு நேர் எதிராக, மிதியை விடுவது. சக்கரம் உருண்டால்தான் வால் உள்ளே வரும்.

எரிவது இழுவை வண்டியின் ஏபிஎஸ் விளக்காக இருந்தால் வேறு ஆபத்து. பின் சக்கரம் லாக் ஆகி, தலையே மடங்கித் திரும்பும். ஈரத்தில் எம்டியாக இருக்கும்போது எக்ஸாஸ்ட் பிரேக்கைத் திடீரெனப் போட்டாலும் அதே கதிதான், ஏனென்றால் அது பிடிப்பது அந்தப் பின் சக்கரங்களை மட்டும்.

ஆகவே மாலையில் என் தேர்வு, மழை விட்டுச் சாலை காய்கிற வரை கிடங்கு வளாகத்திலேயே வண்டியைப் போட்டுவிடுவது. வழியில் விளக்கு எரிந்தால், திருவாரூருக்கு முன்னால் கெட்டித் தரை கிடைத்த இடத்தில் நிற்கலாம், அதுவரை 30-க்கு மேல் போகாமல். வெயிட்டிங் நேரம் போகும், முதலாளி போன் அடிப்பார், அடுத்த லோடு வேறு ஒருவருக்குப் போகும். அந்த நஷ்டம் உண்மையானது, அதை நான் சிறிதாக்கிச் சொல்லவில்லை. எதிரில் ஆட்களை ஏற்றிவரும் டவுன் பஸ்ஸை நினைத்துத்தான் அப்படியும் நிற்கச் சொல்கிறேன்.

மறுநாள் பட்டறையில் முதலில் பார்க்கச் சொல்ல வேண்டியது சக்கர சென்சாரை. அது பல் வளையத்தைக் கிட்டத்தட்ட தொட்டுக்கொண்டு இருக்க வேண்டும். குலுக்கலில் பின்னால் நகர்ந்திருந்தால், கையால் வளையம் தட்டும் வரை தள்ளினாலே போதும். ஆனால் தள்ளிய சென்சார் சில நாளில் மறுபடி விலகினால் விஷயம் சென்சாரில் இல்லை. பேரிங் ஆட்டம் கொடுத்து வளையமே அசைகிறது. அந்த ஹப் மற்றவற்றைவிடச் சூடாக இருக்கும். ஓடி நின்றதும் புறங்கையை ஹப்புக்குப் பக்கத்தில் கொண்டுபோய், தொடாமல், ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் தனியாகக் கொதித்தால் அந்த மஞ்சள் விளக்கோடு லோடு ஏற்ற வேண்டாம், காய்ந்த சாலையாக இருந்தாலும்.