ரிலே பேனலை பிஎல்சி ஆக்கிய பிரெஸ்: கரண்ட் சிமிட்டினால் மோட்டார் கத்திய கதை

புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் எங்களுடையது ரப்பர் மோல்டிங் யூனிட். பழைய ஹைட்ராலிக் பிரெஸ் ஒன்றின் ரிலே பேனலைக் கழற்றிவிட்டு, அந்த ரிலேக்களின் வேலையை புரோகிராமில் செய்யும் பிஎல்சி போட்டு சில வருடங்கள் ஆகின்றன. சமீபத்தில் அதற்கு 24 வோல்ட் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் போனது. அதை மாற்றியதில் தொடங்கிய தலைவலியைப் பற்றித்தான் இது. சேதராப்பட்டில் பட்டறை வைத்திருக்கும் நண்பர் "ரிலே பேனலை பிஎல்சியா மாத்தலாமா, வேணாமா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். அவருக்கும் சேர்த்து எழுதிவிடுகிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் கோபத்தில் விட்டுப்போகும். ரப்பர் வேகும்போது கந்தகப் புகை வரும். அது ரிலேயின் வெள்ளி காண்டாக்டைக் கறுப்பாக்கிவிடும். கடல் காற்றும் தன் பங்குக்குச் சேரும். பிரெஸ் பாதியில் நின்றால் ஆபரேட்டர் பேனலைத் திறந்து, ஸ்க்ரூ டிரைவர் பிடியால் ரிலேக்களை ஒவ்வொன்றாகத் தட்டுவார். ஏதோ ஒன்று ஒட்டிக்கொள்ளும், பிரெஸ் ஓடும். எது பழுது என்று கடைசி வரை தெரியாது. இப்போது இன்புட் விளக்கைப் பார்த்தால் எந்த சென்சார் வரவில்லை என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடுகிறது.

பழைய வரிசையையும் ஒழுங்காகவே கொண்டுவந்தார்கள். பிரெஸ் வேகமாக மூடும், கடைசியில் மெதுவாகும், பிரஷர் ஏறும், பிறகு காற்றும் கேஸும் வெளியேற மூன்று முறை லேசாகத் திறந்து மூடும், அதன் பிறகுதான் வேகும் நேரம் ஓடத் தொடங்கும். அந்தத் திறப்பு கொஞ்சம் பிசகினாலும் பொருளில் கொப்புளம் விழும். டிராயிங்கை நம்பாமல், பழைய பேனல் ஓடும்போதே பக்கத்தில் நின்று எது எதற்குப் பின் விழுகிறது என்று எழுதி வைத்ததால் இது சரியாக வந்தது. புது பேனலில் முதல் ஷிப்ட் ஓட்டிய அண்ணன் எந்த வித்தியாசமும் தெரியவில்லை என்றார். எனக்கு அது பெரிய பாராட்டு.

விட்டுப்போனது, யாரும் வரிசை என்றே நினைக்காத ஒன்று: பம்பு மோட்டாரின் ஸ்டார்ட்-ஸ்டாப்.

20 எச்பி மோட்டார், ஸ்டார்-டெல்டா. பழைய பேனலில் ஸ்டார்ட் பட்டனை அழுத்தினால் மெயின் கான்டாக்டர் இழுக்கும். அதன் 13-14 காண்டாக்ட் மூடி, பட்டனை விட்ட பிறகும் காயிலைப் பிடித்து வைக்கும். ஹோல்டிங் என்று நாம் தினமும் சொல்வது இதைத்தான். கரண்ட் ஒரு கணம் போனாலும் கான்டாக்டர் விழும், ஹோல்டிங் அறுந்துவிடும், டைமரும் முதலுக்குத் திரும்பிவிடும். கரண்ட் வந்தால் யாராவது போய் ஸ்டார்ட் அழுத்த வேண்டும். மறுபடியும் ஸ்டாரில் தொடங்கி டெல்டாவுக்குப் போகும். கரண்ட் போனால் எல்லாவற்றையும் மறந்துவிடும் குணம் அந்த பேனலுக்குத் தானாகவே இருந்தது. அதை யாரும் டிசைன் செய்யவில்லை, டிராயிங்கில் குறிப்பாகவும் எழுதவில்லை.

புது பேனல் போட்ட கான்ட்ராக்டர் இதை புரோகிராமில் இப்படி எழுதியிருந்தார்:

```
LD  X0
OR  Y0
AND X1
AND X2
OUT Y0
```

X0 ஸ்டார்ட், X1 ஸ்டாப், X2 ஓவர்லோட் ரிலே, Y0 மெயின் கான்டாக்டருக்குப் போகும் அவுட்புட். பார்க்க பழைய சர்க்யூட் மாதிரியே இருக்கும். ஆனால் ஹோல்டிங் இங்கே கான்டாக்டரிலிருந்து வரவில்லை, Y0-விலிருந்து வருகிறது. பிஎல்சி தான் கொடுத்த உத்தரவைத் தானே பார்த்துத் தலையாட்டிக்கொள்கிறது. கான்டாக்டர் உண்மையில் இழுத்ததா, விழுந்ததா என்று அதற்குத் தெரியாது.

அப்படியிருந்தும் இத்தனை நாள் பிரச்சினை ஏன் வரவில்லை என்பதுதான் சுவாரசியம். முதலில் இருந்தது 24 வோல்ட், 2.5 ஆம்பியர் எஸ்எம்பிஎஸ். வால்வு, எச்எம்ஐ, பிஎல்சிக்கும் கான்டாக்டருக்கும் நடுவே இருக்கும் இன்டர்போசிங் ரிலே எல்லாம் சேர்த்து 2 ஆம்பியர் அதிலிருந்தே இழுத்தன. முழு லோடில் அந்த மாதிரி எஸ்எம்பிஎஸ் கரண்ட் இல்லாமல் தாங்குவது 20 மில்லி செகண்ட் அளவுதான், அதாவது ஒரு சைக்கிள். அதனால் கரண்ட் சிமிட்டும்போது கான்டாக்டர் விழுந்த கையோடு பிஎல்சியும் அணைந்துவிடும். திரும்ப எழும்போது Y0 ஆஃப். மோட்டாரும் ஆஃப். புரோகிராமில் இருந்த ஓட்டையை எஸ்எம்பிஎஸ்ஸின் பலவீனம் மூடி வைத்திருந்தது.

அது போனதும் கடையில் அப்போது கையிருப்பில் இருந்த 10 ஆம்பியர் எஸ்எம்பிஎஸ்ஸைப் போட்டோம். பெரிசாகப் போட்டால் நல்லதுதானே. அதே 2 ஆம்பியர்தான் லோடு; உள்ளே இருக்கும் கெப்பாசிட்டரோ பெரியது. ஆகவே தாங்கும் நேரம் நான்கைந்து மடங்கு கூடி, 100 மில்லி செகண்டை ஒட்டி வந்துவிட்டது.

ஐப்பசி மழை தொடங்கியதும் ஆபரேட்டர் அண்ணன் வந்து, "சார், கரண்ட் கண்ணடிச்சா மோட்டார் ஒரு கத்து கத்துது, சில நேரம் எம்சிசிபி விழுந்துடுது" என்றார். எங்களுக்கு முதலில் சந்தேகம் மோட்டார் வைண்டிங் மேல். மெக்கரில் இன்சுலேஷன் நன்றாகவே இருந்தது. கத்துவது சிமிட்டலின்போது மட்டும்தான் என்பதைப் பிடித்துக்கொண்ட பிறகு விஷயம் புரிந்தது.

சோதித்த விதத்தைச் சொல்கிறேன், பிஎல்சி போட்ட எவரும் செய்து பார்க்கலாம். மோட்டாருக்குப் போகும் எம்சிசிபியை ஆஃப் செய்து பூட்டிவிட்டோம், இனி மோட்டார் சுற்றாது. கன்ட்ரோலை மட்டும் ஆன் செய்து ஸ்டார்ட் கொடுத்தோம். ஸ்டார் இழுத்தது, ஆறு செகண்டில் டெல்டா வந்தது. அப்புறம் கான்டாக்டர் காயில்களுக்குப் போகும் 230 வோல்ட் எம்சிபியை மட்டும் தட்டி உடனே தூக்கினோம். எஸ்எம்பிஎஸ்ஸின் எம்சிபியைத் தொடவில்லை. மெயின், டெல்டா இரண்டு கான்டாக்டர்களும் டப் என்று விழுந்தன. ஆனால் இன்டர்போசிங் ரிலேக்களின் சிவப்பு விளக்கு அசையாமல் எரிந்துகொண்டே இருந்தது. எம்சிபி மேலே போனதும் இரண்டு கான்டாக்டர்களும் ஒன்றாக, நேரே டெல்டாவிலேயே இழுத்தன. யாரும் ஸ்டார்ட் அழுத்தவில்லை.

இந்த மோட்டாருக்கு ஓட்டத்தில் 28 ஆம்பியர் அளவு. ஸ்டாரில் தொடங்கினால், டெல்டாவில் தொடங்குவதில் மூன்றில் ஒரு பங்கு கரண்ட்தான் இழுக்கும். நேரே டெல்டாவில் என்றால் ஆறு மடங்கு, 170 ஆம்பியர் பக்கம். இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும் மோட்டாரில் மிச்ச வோல்டேஜ் இருக்கும். வரும் சப்ளையோடு அது எதிர்ப்பட்டால் அந்தக் கணத்தில் ஏறும் கரண்ட் இன்னும் அதிகம். எம்சிசிபி சில நேரம் மட்டும் விழுந்ததன் காரணம் அதுவே. வால்வு காயில்களையும் பழைய 230-லிருந்து 24 வோல்ட்டுக்கு மாற்றியிருந்ததால் அவையும் சிமிட்டலில் விழாமல் இருந்தன. ஆக, மோட்டார் லோடோடு எழ வேண்டியிருந்தது. எமர்ஜென்சி ஸ்டாப் வயரிங்கை மட்டும் யாரும் பிஎல்சிக்குள் தள்ளாமல் தனியாக விட்டிருந்தார்கள், அந்த மட்டும் நிம்மதி.

கான்ட்ராக்டரைக் கூப்பிட்டால், "புரோகிராம் கரெக்ட்தான் சார், நீங்கதான் எஸ்எம்பிஎஸ்ஸை மாத்திட்டீங்க" என்றார். பவர் சப்ளை மாற்றினால் வரிசை மாறுமென்றால் அது என்ன வரிசை? இன்றைக்கும் இதை நினைத்தால் எரிச்சல்தான்.

சரி, முதல் வைத்தியம் சுலபம். மெயின் கான்டாக்டரின் ஆக்ஸிலரி காண்டாக்டை X3 என்று இன்புட்டுக்குக் கொண்டுவந்து, `OR Y0` இருந்த இடத்தில் `OR X3` போட்டோம். கான்டாக்டர் விழுந்தால் X3 போகும், Y0 போகும், டைமர் முதலுக்கு வரும். அதே எம்சிபி சோதனையில் இப்போது கான்டாக்டர்கள் விழுந்தபடியே கிடந்தன. ஒரே வரி.

கொஞ்ச நாளில் வேறு வம்பு வந்தது. ஸ்டார்ட் அழுத்தினால் மோட்டார் ஓடும், பட்டனை விட்டால் நிற்கும். சில நேரம் ஓட்டத்தின் நடுவிலும் நிற்கும். X3 விளக்கைப் பார்த்தால் மினுக்கியது. காண்டாக்டைக் கழற்றிப் பார்த்தோம், அதே கந்தகக் கறுப்பு. பழைய பேனலில் இந்தக் காண்டாக்ட் வழியே 230 வோல்ட் போனது. மெல்லிய படலம் இருந்தாலும் அந்த வோல்ட்டேஜ் உடைத்துக்கொண்டு போய்விடும், பொறியும் கொஞ்சம் சுத்தம் செய்யும். பிஎல்சி இன்புட்டில் இருப்பதோ 24 வோல்ட், சில மில்லி ஆம்பியர். படலத்தைத் தாண்ட அதற்குத் திராணி இல்லை. லிமிட் சுவிட்சுகள் எல்லாம் சீல் வைத்த ப்ராக்ஸிமிட்டி சென்சார்களாக மாறிவிட்டதால் அங்கே இந்தத் தொல்லை வரவில்லை. இங்கே வந்தது.

கடைசியில் செய்தது: ஸ்டாப், ஓவர்லோட், ஸ்டார்ட், 13-14 ஹோல்டிங், ஸ்டார்-டெல்டா டைமர் எல்லாவற்றையும் பழையபடி 230 வோல்ட் வயரிங்கிலேயே வைத்துவிட்டோம். பிஎல்சியின் வேலை அந்த சர்க்யூட்டில் ஒரே ஒரு அனுமதி காண்டாக்ட் கொடுப்பது. ஆயில் சூடானாலோ லெவல் குறைந்தாலோ அதைத் திறக்கும். பம்பு ஓடுகிறதா என்று பிஎல்சி தெரிந்துகொள்ள, 230 வோல்ட் காயிலும் தங்க முலாம் காண்டாக்டும் உள்ள சின்ன ரிலே ஒன்று. அந்த இன்புட் போனால் வால்வு அவுட்புட்கள் எல்லாம் ஆஃப். இந்த மழைக்கு எத்தனையோ முறை கரண்ட் சிமிட்டியது. பம்பு நிற்கிறது, ஆபரேட்டர் திரும்ப அழுத்துகிறார், அவ்வளவுதான்.

நண்பருக்கு: பிஎல்சி நல்ல சாமான். பழுது பார்க்கும் நேரம் குறைந்தது, பொருளில் கொப்புளமும் இல்லை, மேலே சொன்ன பாராட்டில் ஒரு வார்த்தையும் குறைக்கமாட்டேன். ஆனாலும் எங்கள் இரண்டாவது பிரெஸ்ஸின் ரிலே பேனலை இப்போதைக்கு மாற்றப்போவதில்லை. ஸ்டார்-டெல்டாவைத் தொடாமல் மீதியை மட்டும் மாற்றிக்கொடுக்க விலை கேட்டேன். முழுசாக மாற்றுவதற்குச் சொன்ன அதே தொகையைத்தான் சொல்கிறார்கள்.