ஆண்டுக் கணக்கு எழுதக் கொடுக்கும் கடைக்காரர்கள் கவனத்திற்கு

எங்களுடையது சின்ன ஹார்டுவேர் கடை. ரொக்க நோட்டு, கடன் நோட்டு, பேங்க் பாஸ்புக், பில் கட்டு, இவ்வளவுதான் எங்கள் கணக்கு. பேங்க் கடனுக்காக மார்ச் 31 வரைக்கும் வியாபாரக் கணக்கும் இருப்பு நிலைக் குறிப்பும் தேவைப்பட்டன. ஊரில் ‘ஆடிட்டர்’ என்று எல்லாரும் கூப்பிடும் ஒருவரிடம் கொடுத்தோம். அவர் ஆடிட்டரே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. கூலியை மட்டும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டார்.

வந்த தாளில் மொத்த லாபம் 4,70,000 ரூபாய், அதாவது விற்பனையில் 15 சதவீதம். எங்கள் கடையில் நூறு ரூபாய்க்கு விற்றால் பன்னிரண்டு, பதின்மூன்றுக்கு மேல் நிற்காது. அங்கேதான் சந்தேகம் தட்டியது.

மனிதர் செய்திருந்தது இதுதான். ரொக்க விற்பனை 22,00,000, பாக்கி வசூல் 9,20,000, இரண்டையும் கூட்டி 31,20,000 விற்பனை என்று எழுதிவிட்டார். மொத்த வியாபாரிகளுக்கு நாங்கள் கட்டிய 25,50,000-ஐ அப்படியே கொள்முதல் ஆக்கிவிட்டார். பாக்கி வசூலில் பாதி போன வருஷத்து விற்பனைக்கு வந்த பணமாகக்கூட இருக்கலாம். இந்த வருஷம் கடனுக்கு விற்றது எவ்வளவு என்பதைக் கண்டுபிடித்தாக வேண்டும். வசூலோடு வருஷக் கடைசிப் பாக்கியைக் கூட்டி, வருஷ ஆரம்பப் பாக்கியைக் கழிக்க வேண்டும்: 9,20,000 + 2,60,000 − 1,80,000 = 10,00,000. கொள்முதலுக்கும் அதே வழிதான், எங்கள் சரக்கு முழுக்கக் கடனில் வருவதால். கட்டியது 25,50,000, வருஷக் கடைசியில் நாங்கள் தர வேண்டியது 4,50,000, ஆரம்பத்தில் 3,00,000. ஆக 27,00,000.

இப்போது விற்பனை 32,00,000. ஆரம்பச் சரக்கு 5,00,000, கடைசிச் சரக்கு 4,00,000. மொத்த லாபம் 4,00,000, சரியாகப் பன்னிரண்டரை சதவீதம்.

சரி, லாபத்தில் 70,000 கூடிவிட்டதே, இருப்பு நிலைக் குறிப்பு எப்படிச் சமமாக வந்தது? அதில்தான் வேலையைக் காட்டியிருக்கிறார். வீட்டுச் செலவுக்கு நாங்கள் எடுத்தது நோட்டுப்படி 2,40,000. அவர் தாளில் எடுப்பு 3,10,000. மிச்சம் விழுந்த 70,000-ஐ அதில் திணித்துவிட்டார்! கேட்டபோது, “டேலி ஆகுதுல்ல, பேங்க்ல யாரு பாக்கப்போறாங்க?” என்றார். அந்தத் தாளை வைத்து ரிட்டர்ன் போட்டிருந்தால், வராத லாபத்துக்கு வரியும் நாங்கள்தான் கட்டியிருப்போம்.

திருத்தித் தரவும் இல்லை, பணத்தைத் திருப்பவும் இல்லை. கடன் நோட்டை வாங்கவே இரண்டு பேர் போய் உட்கார வேண்டியதாயிற்று. வேறொருவர் இப்போது புதிதாகப் போட்டுத் தருகிறார்.

நீங்கள் கொடுப்பதானால், கடன் விற்பனையையும் கடன் கொள்முதலையும் கண்டுபிடித்த கணக்கைத் தனித்தாளில் கேளுங்கள். அது இல்லாமல் மீதிப் பணம் தர வேண்டாம். எடுப்புத் தொகையை உங்கள் நோட்டோடு ஒத்துப் பாருங்கள். அசல் நோட்டுகளைக் கொடுக்காதீர்கள், ஜெராக்ஸ் போதும்.