அட்டைப் படத்தில் மாற்றிய முகத்தைக் கண்டுபிடிப்பது: பல வருட அனுபவம்

அடையாள அட்டையைக் கையில் வாங்கிப் பார்ப்பது வேறு, அதை யாரோ போனில் படமெடுத்து அனுப்பிப் பார்ப்பது வேறு. கையில் இருந்தால் சாய்த்துப் பார்க்கலாம், முகப்படத்தின் ஓரத்தை நகத்தால் நெருடலாம். படத்தில் நமக்குக் கிடைப்பது பிக்சல்கள் மட்டும்தான். தொலைவிலிருந்து கணக்குத் தொடங்க வருபவர்களின் அட்டைப் படங்களைச் சரிபார்ப்பது என் வேலை. முகப்படம் மாற்றப்பட்டிருக்கிறதா, எழுத்துரு ஒத்துப்போகிறதா, விளிம்புகளில் வெளிர்வளையம் தெரிகிறதா, பளபளப்பு இயல்பாக விழுந்திருக்கிறதா என்று தினமும் பார்க்கிறேன். இந்த நான்கில் எதை எவ்வளவு நம்பலாம் என்று பல வருடப் பழக்கத்தில் பிடிபட்டதை எழுதுகிறேன்.

முதலில் கோப்பு. மெசேஜிங் செயலி வழியாக வரும் படம் பெரும்பாலும் அளவு குறைக்கப்பட்டு, மறுபடி ஜேபெக் ஆகச் சுருக்கப்பட்டு வரும். நான் தேடும் தடயங்கள் இரண்டு மூன்று பிக்சல் அகலம்தான் இருக்கும். அந்தச் சுருக்கத்தில் அவை கரைந்துவிடும். அதனால் போன் எடுத்த மூலக் கோப்பையே கேட்டு வாங்குவேன். பெரிதாக்கிப் பார்க்கும்போது பார்வைச் செயலியில் ஸ்மூத்திங் அணைந்திருக்க வேண்டும். இல்லையென்றால் அதுவே விளிம்புகளை மெழுகிக் காட்டிவிடும்.

நான்கில் அதிகம் கைகொடுத்தது விளிம்பு. ஆனால் விளிம்பில் வெளிர்வளையம் தெரிந்தவுடனே போலி என்று முடிவுகட்டினால், நல்ல அட்டைகளில் பாதியைத் திருப்பி அனுப்ப வேண்டிவரும். வளையம் மூன்று காரணங்களால் வரும். போன் கேமரா தானாகச் செய்யும் ஷார்ப்பனிங் ஒன்று. கறுப்பு எழுத்துக்கும் வெளிர்ப் பின்னணிக்கும் நடுவே ஒரு வெள்ளைக் கோட்டை அது உண்டாக்கும். இரண்டாவது ஜேபெக் சுருக்கம். படத்தை 8×8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்துச் சுருக்குவதால், கூர்மையான விளிம்பைச் சுற்றி அந்தக் கட்டத்துக்குள் மட்டும் புள்ளி புள்ளியாக அலையடிக்கும். மூன்றாவதுதான் நாம் தேடுவது: வேறு படத்திலிருந்து முகத்தை வெட்டி ஒட்டும்போது, அதன் பழைய பின்னணி ஓரத்தில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வருவது.

இந்த மூன்றையும் பிரித்தறிய நான் வைத்திருக்கும் வழி ஒன்றே. முகத்தின் விளிம்பைத் தனியாகப் பார்க்காமல், அதே அட்டையில் உள்ள பெயர் எழுத்தின் விளிம்போடு வைத்துப் பார்ப்பேன். ஷார்ப்பனிங் பாரபட்சம் பார்க்காது. ஒரே அளவு ஒளி-இருள் வேறுபாடுள்ள விளிம்புகளில் கிட்டத்தட்ட ஒரே அகலத்தில் வளையம் போடும். பெயரைச் சுற்றி மெல்லிய வெள்ளைக் கோடு, முகத்தைச் சுற்றியும் அதே கோடு என்றால் கவலையில்லை. பெயரைச் சுற்றி ஒரு பிக்சல், தாடையைச் சுற்றி மட்டும் மூன்று பிக்சல், அதுவும் வேறு நிறத்தில் என்றால் அங்கேதான் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

அப்படி வந்த ஒரு அட்டையை விரிவாகச் சொல்கிறேன். பார்த்தவுடன் எந்தக் குறையும் தெரியவில்லை. முகப்படத்தின் பின்னால் இளஞ்சிவப்புச் சாயலில் மெல்லிய நெளிகோடுகள். 400 சதவீதம் பெரிதாக்கியபோது, இடது காதிலிருந்து தாடை வரை நீலம் கலந்த சாம்பல் நிறத்தில் ஒரு நூல் தெரிந்தது. அட்டையில் வேறெங்கும் அந்த நிறம் இல்லை. யாரோ நீலத் திரைக்கு முன்னால் எடுத்த படத்திலிருந்து முகத்தை வெட்டினால் வரக்கூடிய நிறம் அது. வலது பக்கம் நூல் இல்லை, ஆனால் தலைமுடியின் நுனிகள் ஒரே சீராக மழுங்கியிருந்தன. மயிரிழைகளை ஒவ்வொன்றாக வெட்டுவது சிரமம் என்பதால் ஓரத்தை மென்மையாக்கி விடுவார்கள். அப்போது இப்படித்தான் தெரியும்.

அடுத்து நெளிகோடுகள். பல அட்டைகளில் பின்னணியை முதலில் அச்சடித்துவிட்டு, முகத்தைப் பிறகு அதன் மேல் பதிப்பார்கள். பாலிகார்பனேட் என்ற கெட்டிப் பிளாஸ்டிக்கில் செய்த அட்டை என்றால் லேசரால் உள்ளடுக்கில் எரிப்பார்கள். அதனால் கோடுகள் முகத்தின் வெளிர்ப் பகுதிகளில், முக்கியமாகக் கன்னத்திலும் நெற்றியிலும், மங்கலாகத் தொடரும். இந்த அட்டையில் தோள்பட்டை வரை வந்த கோடுகள் அங்கேயே நின்றுவிட்டன. ஆனால் எல்லா அட்டைகளும் இப்படி வடிவமைக்கப்பட்டவை அல்ல. புகைப்படத்தை ஒட்டி மேலே லேமினேஷன் செய்த பழைய அட்டைகளும் இருக்கின்றன, அவற்றில் கூர்மையான ஓரம் இருப்பதே இயல்பு. எனவே அந்த வகை அட்டையின் உண்மையான மாதிரி எப்படி இருக்கும் என்று முதலில் பார்த்துக்கொள்வேன். ஐரோப்பிய ஒன்றிய கவுன்சில் நடத்தும் பிராடோ என்ற பொதுப் பதிவேட்டில் பல நாடுகளின் மாதிரிகள் பெரிதாகவே கிடைக்கின்றன.

அட்டையின் மறுமூலையில் மங்கலான சின்ன முகம் ஒன்று இருந்தது. இந்த இரண்டாவது முகத்தைப் பலர் கண்டுகொள்வதில்லை. அது பெரிய முகத்தின் நகல், அதனால் வகிடு, காது, கழுத்துப்பட்டை எல்லாம் ஒத்துப்போக வேண்டும். இங்கே பெரிய முகத்தில் இரண்டு காதும் தெரிந்தன, சின்ன முகத்தில் முடி ஒரு காதை மூடியிருந்தது. என்னைப் பொறுத்தவரை வளையத்தைவிட இது வலுவான சாட்சி. இதைக் கேமராவோ சுருக்கமோ உண்டாக்க முடியாது.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். முகம் மட்டும் வழவழவென்று, சுற்றிலும் பொரிப்பொரியாக இருந்தால் உடனே சந்தேகம் வரும். ஆனால் சில போன்களில் அழகூட்டும் வசதி இயங்கிக்கொண்டிருக்கும். அட்டையில் அச்சான முகத்தையும் அது முகம் என்றே எடுத்துக்கொண்டு தோலை மெழுகிவிடும். பாவம், அனுப்பியவருக்கு அது தெரியவே தெரியாது. அதனால் இந்த ஒன்றை மட்டும் வைத்து யார் மீதும் பழி போடக் கூடாது.

எழுத்துருவுக்கு வருவோம். புதிதாக வருபவர்கள், 'பெயர்', 'பிறந்த தேதி' போன்ற தலைப்புகளின் எழுத்தும் எதிரே உள்ள விவரங்களின் எழுத்தும் வேறாக இருப்பதைப் பார்த்துக் குற்றம் கண்டுபிடித்துவிட்டதாக நினைப்பார்கள். அவை வேறாகத்தான் இருக்கும். தலைப்புகள் மொத்தமாக அச்சாகி வருபவை, விவரங்கள் ஒவ்வொருவருக்கும் தனியாகப் பதிபவை. ஒப்பிட வேண்டியது விவரத்தோடு விவரத்தை. இன்னும் சரியாகச் சொன்னால், ஒரே இலக்கத்தோடு அதே இலக்கத்தை. நான் பார்த்த அட்டையில் பிறந்த தேதி 17.03.1984. அட்டை எண்ணிலும் ஒரு 8 இருந்தது. இரண்டையும் வெட்டிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். எண்ணில் உள்ள 8-இன் மேல்வட்டம் கீழ்வட்டத்தைவிடச் சிறியது, தேதியில் உள்ள 8-இல் இரண்டும் கிட்டத்தட்ட சமம். அதோடு தேதியின் 8 பக்கத்து இலக்கங்களைவிட ஒரு இழை மேலே நின்றது. அவை லேசாக மங்கியிருக்க, இது மட்டும் கூர்மையாக இருந்தது. வடிவத்தை நகலெடுப்பது சுலபம். ஆனால் படம் முழுக்கப் படிந்திருக்கும் மங்கலை அந்த ஒரு இலக்கத்துக்கு மட்டும் அதே அளவில் ஏற்றுவதில்தான் தவறுகிறார்கள்.

அட்டையின் பின்புறம் இயந்திரம் படிக்கும் வரிகள் இருந்ததால் கணக்குப் போட்டும் பார்க்க முடிந்தது. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐசிஏஓ வெளியிட்ட ஆவணம் 9303-இன்படி, இந்த அளவு அட்டையில் மூன்று வரிகள், ஒவ்வொன்றிலும் 30 எழுத்துகள். இரண்டாவது வரியின் தொடக்கத்தில் பிறந்த தேதி ஆண்டு, மாதம், நாள் என்று வரும், அதை அடுத்து ஒரு சரிபார்ப்பு இலக்கம்.

```
8403176
```

ஆறு இலக்கங்களையும் முறையே 7, 3, 1, 7, 3, 1 ஆல் பெருக்கிக் கூட்ட வேண்டும்: 56 + 12 + 0 + 21 + 3 + 7 = 99. பத்தால் வகுத்த மீதி 9. அட்டையிலோ 6 இருக்கிறது. முதல் இலக்கம் 9 ஆக இருந்தால் கூட்டல் 106, மீதி 6. அதாவது அசல் தேதி 1994, அதை 1984 ஆக்கியவர் இரண்டு பக்கமும் இலக்கத்தை மாற்றிவிட்டுச் சரிபார்ப்பு இலக்கத்தைத் தொடாமல் விட்டிருக்கிறார். ஒரே ஒரு இலக்கம் மாறினால் இந்தக் கணக்கு கட்டாயம் காட்டிக்கொடுக்கும். ஆனால் விதி எல்லோருக்கும் தெரிந்தது. விவரமானவர் சரிபார்ப்பு இலக்கத்தையும் மாற்றிவிடுவார். கணக்கு சரியாக வந்துவிட்டது என்பதற்காக அட்டையை நம்பிவிட முடியாது.

கடைசியாகப் பளபளப்பு. நான்கில் இதைப் படிக்கக் கற்றுக்கொள்ளத்தான் அதிக காலம் ஆனது. குழல்விளக்கு பட்டையாக விழும், ஜன்னல் வெளிச்சம் அகலமாகப் படரும், போனின் பிளாஷ் ஒரு பொட்டாக எரியும். அட்டையின் மேற்பரப்பு ஒரே தகடு என்றால் இந்த ஒளி முகம், எழுத்து, பின்னணி எல்லாவற்றின் மேலும் அறுபடாமல் ஓட வேண்டும். இந்த அட்டையில் மேலிருந்து சாய்வாக வந்த வெள்ளைப் பட்டை முகத்தின் வலது ஓரத்தில் கத்தரித்ததுபோல் நின்று, மறுபக்கம் தாடைக்குக் கீழே திரும்பத் தொடங்கியது. நடுவே இருந்த முகத்தில் பளபளப்பின் சாயலே இல்லை.

தூரிகையால் வரைந்த பளபளப்பு வேறு ரகம். நிஜ ஒளியில், முழு வெள்ளையாக எரிந்துபோன மையத்தைச் சுற்றியுள்ள சாம்பல் பகுதியில் கேமரா உண்டாக்கும் பொரிப்பொரியான புள்ளிகள் தெரியும். வரைந்ததில் அந்தப் பகுதி மாவு பூசியதுபோல் வழவழப்பாக இருக்கும். காலாவதி தேதி போன்ற முக்கியமான இடத்தின் மேல் மட்டும் சரியாக உட்கார்ந்திருக்கும் பளபளப்பையும் நான் விடுவதில்லை. ஆனால் அதற்குக் குற்றம் சாட்டுவதில்லை, அட்டையைச் சாய்த்து இன்னொரு படம் கேட்பேன்.

இந்த அட்டைக்கும் கேட்டேன். இரண்டாவது படம் வந்தது, அட்டை சாய்ந்தும் இருந்தது. ஆனால் பளபளப்பு முதல் படத்தில் எந்த எழுத்துகளின் மேல் இருந்ததோ அதே எழுத்துகளின் மேல் இருந்தது. அட்டையை உண்மையிலேயே சாய்த்தால் ஒளி அதன் மேல் நகரும், ஹாலோகிராமின் நிறமும் மாறும். இங்கே படத்தைத்தான் மென்பொருளில் திருப்பியிருக்கிறார்கள், ஒளியும் சேர்ந்து திரும்பியிருக்கிறது. அதற்குப் பிறகு அதை நிராகரிப்பதில் எனக்குத் தயக்கமே இருக்கவில்லை.

என்னை ஏமாற்றிய சோதனை என்றால் பிழையளவுப் பகுப்பாய்வு. படத்தைத் தெரிந்த தரத்தில் மறுபடி சேமித்து, எந்தப் பகுதி எவ்வளவு மாறுகிறது என்று காட்டும் முறை இது. நீல் கிராவெட்ஸ் 2007-இல் இதை முன்வைத்தார். வண்ணமயமான அந்த வரைபடத்தைப் பார்த்ததும் விடை கிடைத்துவிட்டது போலத் தோன்றும். ஆனால் கூர்மையான எழுத்துகள் எப்போதும் அதில் பிரகாசமாகத்தான் தெரியும், பலமுறை சுருக்கப்பட்ட படத்தில் எல்லாமே ஒன்றுபோல் இருண்டுவிடும். இப்போது அதை எங்கே பெரிதாக்கிப் பார்ப்பது என்று தேர்வுசெய்ய மட்டும் வைத்திருக்கிறேன்.

கணினியில் திருத்தியதை அட்டையாக அச்சடித்து, அதைப் படமெடுத்து அனுப்புபவர்களிடம் விளிம்புச் சோதனை பாதி பலத்தை இழந்துவிடுகிறது. அச்சில் வளையம் மங்கிவிடும், பளபளப்பும் நிஜமாகவே அறுபடாமல் ஓடும். அங்கே நான் பார்ப்பது முகத்திலும் நுண்கோடுகளிலும் தெரியும் சாதாரண அச்சின் வண்ணப் புள்ளிகளை. அசலில் தொடர்ந்து ஓடும் மெல்லிய கோடு அங்கே புள்ளிகளாக உடைந்திருக்கும். அதுவும் தெளிவாகத் தெரியவில்லை என்றால், அட்டையை மெதுவாகச் சாய்க்கும் சில நொடி வீடியோ கேட்கிறேன், ஹாலோகிராம் மாறுகிறதா என்று பார்க்க.